பிட்ச் டெக்குக்கு ஒரு வரி: இது போதுமா?

ராயபுரம்வாசி: வெள்ளிக்கிழமை முதலீட்டாளர்களைப் பார்க்கிறோம். முதல் ஸ்லைடில் இந்த வரி: "விவசாயிகளையும் நகரச் சமையலறைகளையும் நேரடியாக இணைக்கும் தொழில்நுட்பத் தளம்." இருக்கட்டுமா, மாத்தணுமா?

மண்டிக்கணக்கு: மாத்துங்க. யார் காசு கொடுக்கிறாங்க, எதுக்குக் கொடுக்கிறாங்கன்னு இதில் இல்லை. எந்தப் பொருள் விக்கிறீங்க?

ராயபுரம்வாசி: இப்போ கீரை மட்டும்தான். பொன்னேரி பக்கத்து தோட்டங்கள்ல எடுத்து தண்டையார்பேட்டை, வியாசர்பாடி மெஸ்களுக்குக் கொடுக்கிறோம்.

பசுமைப்புலி: "இடைத்தரகர் இல்லை"ன்னு போடுங்க ப்ரோ. கமிஷனை வெட்டினாலே விவசாயிக்கு ரெண்டு மடங்கு கிடைக்கும். அதுதான் விக்கும்.

மண்டிக்கணக்கு: கமிஷன் போகும், உண்மை. ஆனா மண்டிக்காரர் தரம் பிரிக்கிறார், நல்லது கெட்டது எல்லாத்தையும் எடுத்துக்கிறார், கடைக்குக் கடனுக்குக் கொடுக்கிறார், தோட்டத்துக்கு முன்பணம் தர்றார். அவரை எடுத்துட்டா அந்த வேலையெல்லாம் உங்க தலையில. "ரெண்டு மடங்கு"ன்னு சொன்னா முதலீட்டாளர் முதல்ல அந்தக் கணக்கைத்தான் கேட்பார்.

உங்க பலம் வழிதான். பொன்னேரி வடக்கே இருக்கு. கீரை கோயம்பேடு போய் இறங்கி, ஏலம் முடிஞ்சு, திரும்பவும் வடசென்னைக்கே வருது. அதுக்குள்ள அடியில இருக்கிற கட்டு சூடேறி இலை மஞ்சளாகிடும். ஒரு பேச்சுக்கு, மெஸ் 12 ரூபாய்க்கு 40 கட்டு வாங்குது, 10 கட்டு குப்பைக்குப் போகுதுன்னு வைங்க. 480 ரூபாய்க்கு 30 கட்டு, அதாவது சமைக்கிற கட்டு 16 ரூபாய். நீங்க 14க்குக் கொடுத்து எதுவும் வீணாகலைன்னா மெஸ்ஸுக்கு லாபம், தோட்டத்துக்கும் கூட விலை கொடுக்கலாம். வரியில அதைச் சொல்லுங்க.

மெஸ்_அக்கா: இன்னாப்பா, கீரை மட்டுமா? எனக்கு வெங்காயம் தினம் ரெண்டு மூட்டை வேணும். எப்போ வரும்? காசு சனிக்கிழமைதான் தருவேன், இப்பவே சொல்லிட்டேன். அஞ்சு மணிக்கு மேல வந்தா அன்னைக்குக் கூட்டுக்கு வேற காய் போட்டுடுவேன்.

ராயபுரம்வாசி: வெங்காயம் இல்லக்கா, அது வெளி மாநிலத்துலேருந்து வர்ற சரக்கு. ஆனா அஞ்சு மணி நல்ல விஷயம். இப்போ இப்படி:

"மாலையில் பொன்னேரியில் அறுத்த கீரை, காலை 5 மணிக்குள் வடசென்னை மெஸ் வாசலில், வாங்கியதில் வீணாவதற்கு விலை இல்லை."

பசுமைப்புலி: இது கீரைக்கடை போர்டு மாதிரி இருக்கு. இவ்வளவு சின்னதாச் சொன்னா எவன் கோடி போடுவான்?

மண்டிக்கணக்கு: பெரிய சந்தையை ரெண்டாவது ஸ்லைடுல காட்டலாம். எனக்கு உறுத்தறது கடைசிப் பாதி. வீணானதை யார் எண்ணிப் பார்ப்பா? மத்தியானம் மெஸ் "பாதி போச்சு"ன்னா ஒத்துக்குவீங்களா? இறக்கும்போதே கட்டைப் பிரிச்சுக் காட்டி, அங்கேயே கழிச்சிட்டு வரணும். அதுக்கு ஆள் இல்லைன்னா அந்தப் பாதியை எடுத்துடுங்க.

மெஸ்_அக்கா: பிரிச்சுப் பார்க்க அஞ்சு மணிக்கு எனக்கு ஏதுப்பா நேரம்? உங்க பையன் பார்க்கட்டும். ஆனா என் கண்ணு முன்னாடி.