அப்பாவின் சத்தியக்கடதாசி கொடுத்தாயிற்று, இனிக் குறுக்கு விசாரணையாம். எப்படித் தயார் செய்வது?

நிரோஷா
வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். அப்பாவின் சாட்சியத்தைப் போன தவணையிலேயே சத்தியக்கடதாசியாகக் கொடுத்துவிட்டோம். வருகிற 19ஆம் திகதி அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார்களாம். எல்லாம் எழுதிக் கொடுத்த பிறகு ஏன் மறுபடி பேச வேண்டும்? அவருக்கு 68 வயது, சர்க்கரை வருத்தமும் உண்டு. 31 பந்தி இருக்கிறது. அத்தனையையும் பாடமாக்கச் சொல்லவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை தம்பி
எந்த நீதிமன்றம் அக்கா? அப்பா வழக்காளியா எதிராளியா? என்ன வழக்கு என்றே சொல்லவில்லையே.

சட்டப்பித்தன்
இப்படிப்பட்ட கேள்விகள் மாதம் ஒன்று வருகின்றன. வழக்குப் போடும்போதே சட்டத்தரணியிடம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியவை. சத்தியக்கடதாசி, சாட்சியிடம் அவருடைய சொந்தச் சட்டத்தரணி கேட்கும் முதன்மை விசாரணைக்கு மட்டுமே பதிலாக நிற்கும். குறுக்கு விசாரணை எதிர்த்தரப்பின் உரிமை, அதை எந்தக் கடதாசியும் தட்டிப் பறிக்காது. இந்த அடிப்படை தெரியாமல் 3 தவணை, 4 தவணை போய்வருகிறார்கள்.

சென்னை வாசகர்
இங்கே 2002 திருத்தத்துக்குப் பிறகு எல்லா வழக்கிலும் முதல் விசாரணை பிரமாணப் பத்திரம்தான், கட்டளை 18 விதி 4. கமிஷனரை வைத்தும் குறுக்கு விசாரணையைப் பதிவு செய்யலாம். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் கமிஷனர் கேட்டு மனுப் போடுங்கள்.

மட்டக்குளி சிவா
ஐயா, நீங்கள் சொல்வது இந்தியச் சட்டம். இங்கே 1889ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவை. 179ஆம் பிரிவின் போக்கு என்னவென்றால், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்பு உண்மையாகவே விரும்பினால், அவரை அழைத்து வரவும் முடியுமென்றால், கடதாசியை மட்டும் வைத்து விட்டுவிட முடியாது.

நிரோஷா, மூன்று விடயம் சொல்லுங்கள். எந்த நீதிமன்றம்? கடதாசி எந்த மொழியில்? அதில் எழுதியதெல்லாம் அப்பா கண்ணால் கண்டதா, அல்லது கடையில் மற்றவர்கள் சொல்லித் தெரிந்ததா?

நிரோஷா
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். வணிக மேல் நீதிமன்றம், புதுக்கடை. அப்பாதான் வழக்காளி. பழைய சோனகர் தெருவில் இரும்புச் சாமான் கடை. ஒரு கட்டட ஒப்பந்தக்காரக் கொம்பனிக்குக் கடனுக்குக் கம்பி, தகடு அனுப்பினோம். வட்டியில்லாமல் 3 கோடி 26 இலட்சம் வர வேண்டும். சாமான் வரவேயில்லை என்கிறார்கள். கடதாசி ஆங்கிலத்தில். அப்பா தமிழில் படித்தவர், இன்வொய்ஸ் வாசிப்பார், அவ்வளவுதான்.

வத்தளை ராணி
எங்கள் காணிப் பங்கு வழக்கில் அம்மாவை ஒரு முழுக் காலையும் நிறுத்திக் கேட்டார்கள் தங்கச்சி. வேலி எந்தப் பக்கம், மாமரம் யார் நட்டது என்று. அம்மா பாடமாக்கிக்கொண்டு போனார், இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறிவிட்டார். பாடமாக்க மட்டும் விடாதீர்கள்.

மட்டக்குளி சிவா
ராணி அக்கா சொல்வது சரி. பாடமாக்கியவர் ஒரு கேள்விக்கு முழுப் பந்தியையும் ஒப்புவிப்பார், நீதிபதிக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆனால் உங்கள் வழக்கில் ஞாபகசக்தியை விட மொழிதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஆங்கிலம் விளங்காத ஒருவர் ஆங்கிலக் கடதாசியில் கையொப்பமிட்டால், அதை அவருடைய மொழியில் வாசித்து விளக்க வேண்டும். விளக்கியதாகவும் அவர் விளங்கிக்கொண்டதாகவும் சமாதான நீதவானோ சத்தியப்பிரமாண ஆணையாளரோ கடைசிப் பகுதியில் குறிக்க வேண்டும். 439ஆம் பிரிவு. கடதாசியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கையொப்பத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'வாசித்து விளக்கப்பட்டது' என்ற கருத்தில் ஒரு வரி இருக்கிறதா?

நிரோஷா
பார்த்தேன். 'எனக்கு முன்னால் உறுதியுரைத்துக் கையொப்பமிட்டார்' என்ற கருத்தில்தான் இருக்கிறது. வாசித்ததாக வரி இல்லை. ஆனால் சட்டத்தரணியின் அலுவலகத்தில் ஒருவர் தமிழில் சொல்லித்தான் அப்பா கையொப்பமிட்டார்.

சட்டப்பித்தன்
அப்படியானால் கடதாசியே செல்லாது. சாட்சியமே இல்லை. வழக்கு முடிந்தது.

மட்டக்குளி சிவா
அவ்வளவு தூரம் போக வேண்டாம் சட்டப்பித்தன். அப்பா உறுதியுரை எடுத்துக் கூண்டில் நின்று, 'இது என் கடதாசி, எனக்குத் தமிழில் விளக்கினார்கள், உள்ளே உள்ளது உண்மை' என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னால் அந்தக் குறை எவ்வளவு தூரம் தீரும் என்பதில் சட்டத்தரணிகள் ஒருமிக்கவில்லை. என் அபிப்பிராயத்தில், குறுக்கு விசாரணை தொடங்கும் முன்பே உங்கள் சட்டத்தரணி இதைக் கவனிக்க வேண்டும். சரியான குறிப்புடன் புதிய கடதாசி தர அனுமதி கேட்கலாம். எதிர்த்தரப்பு எதிர்க்கக்கூடும், முடிவு நீதிபதியிடம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், முதல் கேள்வியே இப்படித்தான் வரும்: 'உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியுமா?' 'தெரியாது.' 'அப்படியானால் 14ஆம் பந்தியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' அப்பா இந்த இடத்தில் 'தெரியும், வாசித்தேன்' என்று கௌரவத்துக்காகச் சொன்னால் அதன்பின் எல்லாம் சிக்கல். 'எனக்கு வாசித்து விளக்கினார்கள்' என்பதே உண்மை, அதையே சொல்லட்டும்.

கொட்டாஞ்சேனை தம்பி
சட்டக்கோவையின் 2022 திருத்தத்துக்குப் பிறகு ஆவணங்களை நிரூபிக்கவே தேவையில்லை என்று கேள்விப்பட்டேன். டெலிவரி நோட்டைக் கொடுத்தால் போதும் அக்கா, பயப்பட வேண்டாம்.

மட்டக்குளி சிவா
தம்பி, பாதி சரி. அந்தத் திருத்தம் முக்கியமாகக் காணி உறுதி போல, சாட்சிகள் வைத்துக் கையொப்பமிடச் சட்டம் கேட்கும் ஆவணங்களுக்கு நிவாரணம் தருகிறது. டெலிவரி நோட் அந்த வகை அல்ல. நிரோஷா, நோட்டுகளை அடையாளமிட்டபோது எதிர்த்தரப்பு 'நிரூபிக்கப்பட வேண்டும்' என்று சொன்னதா?

நிரோஷா
பி4 முதல் பி11 வரை அப்படிச் சொன்னார்கள். அதுதான் டெலிவரி நோட்டுகள். 14ஆம் பந்தியில், 8 லொறி சாமானும் சைட்டில் இறக்கப்பட்டு அவர்களுடைய ஆட்கள் கையொப்பமிட்டார்கள் என்று அப்பா சொல்கிறார். ஆனால் அப்பா சைட்டுக்குப் போனதில்லை. ஸ்டோர் கீப்பர்தான் லொறியோடு போனார். அவர் இப்போது வேலையை விட்டுவிட்டார்.

மட்டக்குளி சிவா
அங்கேதான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது.

விசாரணைக்கான கடதாசியில் ஒருவர் தானே அறிந்ததையும் தானே கண்டதையும்தான் சொல்லலாம், 181ஆம் பிரிவு. இடைக்கால விண்ணப்பமென்றால் காரணம் காட்டி 'நம்புகிறேன்' என்று எழுத இடமுண்டு, இங்கே இல்லை. 14ஆம் பந்தி அப்பா நேரில் கண்டதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. எதிர்த்தரப்பு ஒவ்வொரு நோட்டாகக் கையில் கொடுத்து, 'இந்தக் கையொப்பம் போடப்பட்டபோது நீங்கள் அங்கே இருந்தீர்களா, இது யாருடைய கையொப்பம்' என்று கேட்கும். எட்டு முறையும் 'இல்லை, தெரியாது' என்றுதான் வரும். அதற்குப் பிறகு பி4 முதல் பி11 வரை வெறும் தாள்.

உங்கள் கணக்குப் புத்தகமும் தனியே போதாது. முறையாக எழுதி வரும் கணக்கைச் சாட்சியமாகக் காட்டலாம், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவரைக் கடன்காரராக்க முடியாது, சாட்சியக் கட்டளைச்சட்டம் 34. எனவே ஸ்டோர் கீப்பர் வந்து 'நான் போனேன், என் முன்னால் இன்னார் வாங்கிக் கையொப்பமிட்டார்' என்று சொல்ல வேண்டும். சாட்சிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் விசேட காரணம் காட்டித்தான் கூப்பிட முடியும்.

அப்பாவிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். காணாததைக் கண்டதாகச் சொல்ல வேண்டாம். 'நான் போகவில்லை, ஸ்டோர் கீப்பர் போனார், மாலையில் கையொப்பமிட்ட நோட்டை என்னிடம் தந்தார், நான் பார்த்துக் கணக்கில் ஏற்றினேன்.' நோட்டு கைக்கு வந்ததும் கணக்கில் ஏற்றியதும் அவர் செய்தது. அதை ஒருவரும் அசைக்க முடியாது.

சட்டப்பித்தன்
இந்தக் குழப்பம் முழுவதற்கும் காரணம், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் கடதாசி எழுதும் வழக்கம். வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்று கேட்காமல் முறைப்பாட்டை அப்படியே பிரதி எடுத்து 'நான் சொல்கிறேன்' என்று ஆரம்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். 14ஆம் பந்தி அப்படி வந்ததுதான்.

மட்டக்குளி சிவா
பிரதி எடுப்பது தவறு, இதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆங்கிலம் தவிர்க்க முடியாதது, வணிக மேல் நீதிமன்றத்தில் நடவடிக்கை ஆங்கிலத்தில்தான். முதலில் தமிழில் வாக்குமூலம் எடுத்து, பிறகு மொழிபெயர்த்துக் கடதாசியாக்கினால் போதும்.

சட்டப்பித்தன்
எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள்? இளநிலைச் சட்டத்தரணிகளுக்கு நேரமில்லை என்பீர்கள். சாட்சியின் வாயிலிருந்து வந்த சொல் நீதிபதியின் காதில் விழுந்த காலத்தில், முதன்மை விசாரணையிலேயே யார் கண்டது, யார் காணாதது என்று வெளிச்சமாகிவிடும். கடதாசி அந்த வெளிச்சத்தை அணைத்துவிட்டது.

வத்தளை ராணி
ஆனால் அம்மாவின் முதன்மை விசாரணைக்கே ஆறு தவணை போனது ஐயா. கடதாசியாக இருந்தால் அது ஒரே நாளில் முடிந்திருக்கும்.

மட்டக்குளி சிவா
இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நிரோஷாவின் விடயத்துக்கு வருவோம். வழக்குக்கு முன்னால் கோரிக்கைக் கடிதம் அனுப்பினீர்களா? அதில் என்ன தொகை?

நிரோஷா
3 கோடி 41 இலட்சம். அதற்குப் பிறகு 15 இலட்சத்துக்கு ஒரு செக் தந்தார்கள், அது மாறிக் காசு வந்தது. அதனால்தான் இப்போது 3 கோடி 26 இலட்சம்.

மட்டக்குளி சிவா
கடிதத்தைக் காட்டி 'எது பொய்' என்று கேட்பார்கள். முன்பு எழுத்தில் சொன்னதோடு முரண்படுத்த அவர்களுக்கு உரிமை உண்டு, சாட்சியக் கட்டளைச்சட்டம் 145. அப்பா அவசரப்படாமல் 'கடிதத்தின் பிறகு ஒரு செக் வந்தது' என்று ஒரே வரியில் சொல்லட்டும். சொல்ல விடாமல் 'ஆம் இல்லை மட்டும் சொல்லுங்கள்' என்று நெருக்கினாலும் பயப்பட வேண்டாம். மீள் விசாரணையில் உங்கள் சட்டத்தரணி அந்த வித்தியாசத்தை விளக்கச் சொல்லிக் கேட்கலாம், மீள் விசாரணை இருப்பதே அதற்குத்தான். வங்கிக் கூற்று ஆவணங்களில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சாமான் வரவில்லை என்பவர்கள் 15 இலட்சம் எதற்குத் தந்தார்கள் என்ற கேள்வி பிறகு உங்கள் பக்கம் நிற்கும்.

இன்னொன்று. குறுக்கு விசாரணை பாதியில் நின்று தவணை போட்டால், அடுத்த நாள் வரை அப்பா அந்தச் சாட்சியம் பற்றி உங்கள் சட்டத்தரணியிடம்கூடப் பேசக்கூடாது. வீட்டிலும் யாரும் திருத்திக் கொடுக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை தம்பி
ஸ்டோர் கீப்பர் கிடைக்காவிட்டால் லொறி டிரைவர் போதுமா?

மட்டக்குளி சிவா
டிரைவர் இறக்கியதைக் கண்டிருந்தால், கையொப்பமிட்டவரைக் காட்ட முடியுமென்றால், ஆம். சாமான் இறங்கியதை மட்டும் சொல்லக்கூடியவர் என்றால் பாதிதான் தேறும்.

நிரோஷா
நன்றி அனைவருக்கும். பட்டியலைப் பார்த்தேன், ஸ்டோர் கீப்பர் பெயர் நாலாவதாக இருக்கிறது. ஹட்டனில் இருக்கிறாராம், அழைப்பாணை கேட்கப் போகிறோம். வங்கிக் கூற்றும் ஆவணங்களில் இருக்கிறது. கடதாசியின் கடைசிப் பக்கம் பற்றிச் சட்டத்தரணியிடம் கேட்டேன், 19ஆம் திகதி பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். எழுத்தில் கொடுக்கச் சொல்லி மறுபடி கேட்கப் போகிறேன்.