“விலை அதிகம்” என்றவரிடம் கணக்குக் காட்டினேன், கணக்கே திரும்பி வந்தது

விசிறிக்கடை:

நான் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறியின் விலை கேட்டார். 3,200 என்றேன். “சாதாரண விசிறி 1,600-தானே தம்பி, ஒரு 300 குறையுங்கள்” என்றார். 2,900 என்று சொல்ல வாய் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். எந்த அறைக்கு, எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டேன். படுக்கையில் இருக்கும் அம்மாவின் அறைக்காம், 16 மணி நேரம்.

இரண்டு விசிறிகளையும் வாட் மீட்டரில் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்றில் 74, மற்றொன்றில் 29. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரே இரண்டாம் முறை பார்த்தார். வித்தியாசம் 45 வாட், இரண்டு மாதத்துக்கு சுமார் 43 யூனிட். அவருடைய கடைசி பில் 530 யூனிட். 43 குறைந்தால் 487. 500-ஐத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டுமா கட்டுகிறோம், 101-லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் ஏறிவிடுகிறதே. எனவே அந்தப் பில்லில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம் என்றேன். மறுபேச்சில்லாமல் 3,200 எண்ணி வைத்தார்.

அடுத்த பில் 541. கடை வாசலில் நின்று, நாலு பேர் முன்னால், “487 என்றீர்களே தம்பி” என்றார். கோடை, மகள் வீட்டார் வந்திருந்தார்கள், ஏ.சி. ஓடியிருக்கிறது. விசிறி தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனாலும் அந்த 487 என் வாயிலிருந்து வந்ததுதானே. அதுதான் உறுத்துகிறது.

மரச்செக்கு:

எங்களிடம் நல்லெண்ணெய் லிட்டர் 400. ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ எள் போகிறது என்று ஒவ்வொருவரிடமும் விளக்குவேன். ஓர் அக்கா, “உன் செலவைக் கேட்டேனா? எனக்கு என்ன கிடைக்கும் என்று சொல்” என்றார். சுருக்கென்றது. மறுநாளிலிருந்து இட்லிப் பொடியில் ஒரு கரண்டி ஊற்றி நீட்டுகிறேன். பேச்சைக் குறைத்துவிட்டேன்.

புடவைக்காரன்:

அண்ணா, நீங்கள் 300 குறைக்காமல் இருந்ததே சரி. ஒருமுறை 6,500 ரூபாய்ப் புடவையை, அந்த அம்மா புறப்படப் போகிறார் என்று பயந்து 5,800 என்றேன். எழுந்தவர் உட்கார்ந்தார். “அப்படியென்றால் முதலில் சொன்னது என்ன விலை?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. வாங்காமலே போனார்.

கம்பிக்காரர்:

விசிறிக்கடை, உங்கள் கணக்கே தப்பு. 74 என்பது முழு வேகத்தில்தான். ரெகுலேட்டரில் மூன்றில் வைத்தால் சாதாரண விசிறியும் குறைவாகத்தான் இழுக்கும். அம்மாவின் அறையில் இரவு முழுக்க ஐந்திலா ஓடும்? 43 யூனிட் வராது.

விசிறிக்கடை:

பாதி சரி. புது எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் குறையும். பழைய பெரிய ரெகுலேட்டரில் மிச்சமாவதில் ஒரு பங்கு அதன் சூட்டிலேயே போய்விடும். வேகம் குறைத்தால் பி.எல்.டி.சி.யும் குறைவாகத்தானே எடுக்கும், வித்தியாசம் அப்படியே மறைந்துவிடாது. ஆனால் அவர் எந்த வேகத்தில் ஓட்டுகிறார் என்று நான் கேட்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

வாங்கியவன்:

என் பி.எல்.டி.சி. விசிறி 14 மாதத்தில் நின்றுவிட்டது. போர்டு போய்விட்டது என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

கம்பிக்காரர்:

கேள்வி இங்கே அதுவல்ல, இருந்தாலும் சொல்கிறேன். சுவரில் பழைய ரெகுலேட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கழற்றி நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். பி.எல்.டி.சி.க்கு வேகக் கட்டுப்பாடு உள்ளேயே உண்டு, இரண்டும் சேர்ந்தால் விசிறி விக்கி விக்கி ஓடும். பணம் வராது. வாரண்டி அட்டையில் மோட்டாருக்கும் போர்டுக்கும் ஒரே காலம்தானா என்று படியுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருவில் போர்டுதான் முதலில் போகும். விற்பவர்கள் மிச்சக் கணக்கோடு இதையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் விருந்தினர் அறைக்கு இதை விற்பவரை நான் நம்பமாட்டேன், கூடுதல் காசை மீட்க எத்தனை வருடம் ஆகும்?

மரச்செக்கு:

விசிறிக்கடை அண்ணா, ஆசிரியர் பிறகு வந்தாரா?

விசிறிக்கடை:

வந்தார். இந்த முறை பில் எண்ணை வாயால் சொல்லவில்லை. மீட்டரையே கையில் கொடுத்து, வீட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் தொலைபேசியில், பழைய ஃபிரிட்ஜ்தான் கள்ளன் என்றார். மீட்டர் இன்னும் திரும்பி வரவில்லை.