ஸ்லைடில் "ஸ்ட்ரெஸ்", பட்டியலில் "அழுத்தம்": தமிழ்வழி மாணவருக்குச் சொற்பட்டியல் எப்படிப் போடுவது?

வைகைக்கரை:
பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்த தம்பி, இப்போது மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் முதல் அலகுக்கு 120 சொற்களைத் தமிழ்ப் பொருளோடு எழுதிக் கொடுத்தேன். சொல்லைக் கேட்டால் பொருள் சொல்கிறான். ஆனால் ஸ்லைடில் இந்த வரி வந்ததும் நின்றுவிட்டான்:

```
A steel bar of 20 mm diameter is subjected to an axial pull of 50 kN.
Find the elongation over a length of 2 m. E = 200 GPa.
```

"சப்ஜெக்ட்" என்பதற்குப் பக்கத்தில் "பாடம்" என்று எழுதியிருக்கிறான். "ஸ்ட்ரெஸ் பற்றிய கணக்கு என்றீர்களே, அந்தச் சொல்லே இதில் இல்லையே" என்கிறான். பட்டியலில் என்ன தப்பு?

பொன்வண்டு:
பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாமே! அண்ணா பல்கலையில் 2010லேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டும் தமிழ்வழியில் தொடங்கினார்கள்.

வைகைக்கரை:
இவன் கல்லூரியில் ஆங்கிலவழிதான். தேர்வும் ஆங்கிலத்தில்தான்.

நீலமலை:
120 சொல் போதாது, அகராதியைப் பார்த்து இன்னும் சேருங்கள். ஸ்ட்ரெஸ் என்றால் அழுத்தம், ஸ்ட்ரெயின் என்றால் சிரமம். எளிய தமிழாக இருந்தால் மனதில் நிற்கும்.

பட்டறைக்காரர்:
எளிமை வேண்டும் என்பது சரி. ஆனால் "அழுத்தம்" இங்கே ஆபத்து. பள்ளியில் அழுத்தம் என்று அவன் படித்தது பிரஷரை. அது எப்போதும் பரப்பை உள்நோக்கி அமுக்கும். இந்தக் கணக்கில் தண்டை வெளியே இழுக்கிறார்கள். இழுக்கும்போது அழுத்தம் எப்படி வரும் என்று அவன் குழம்புவது நியாயம்தான். இரண்டுக்கும் அலகு ஒன்றாக இருப்பதால் கணக்கில்கூட இந்தத் தப்பு பிடிபடாது.

அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லைக் கொடுங்கள். 11ஆம் வகுப்பு இயற்பியலில் "பருப்பொருளின் பண்புகள்" அலகில் தகைவு, திரிபு, யங் குணகம் எல்லாம் இருக்கின்றன. அதே பாடநூலின் ஆங்கிலப் பதிப்பையும் இறக்கிப் பக்கத்தில் வையுங்கள். பக்க எண் மாறினாலும் அலகு எண்ணை வைத்து ஒப்பிடலாம். அகராதியைவிட இதுவே நம்பகமான இணைப்பட்டியல்.

அடுத்தது, அவனை நிறுத்தியது கலைச்சொல் இல்லை, "சப்ஜெக்டட் டு". இதுபோன்ற இணைப்புத் தொடர்கள் இருபது இருந்தால் ஒரு பாடம் முழுக்க ஓடிவிடும். அவற்றுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். இந்தத் தொடருக்கு இடப்பக்கம் இருப்பது விசையைத் தாங்கும் பொருள், வலப்பக்கம் இருப்பது அதன்மேல் செயல்படும் விசை. அப்படிப் பிரித்தபின் தமிழ் வரிசையில் சொல்லச் சொல்லுங்கள்: "20 மிமீ விட்டமுள்ள எஃகுத் தண்டை அதன் நீளவாக்கில் 50 kN விசையால் இழுக்கிறார்கள். 2 மீ நீளம் எவ்வளவு கூடும்?"

ஸ்ட்ரெஸ் என்ற சொல் அங்கே இல்லை. விசையும் பரப்பும் இருக்கும் இடத்தில் தகைவு இருக்கிறது என்று அவன்தான் கண்டுகொள்ள வேண்டும். ஆகவே நீளப் பட்டியலுக்குப் பதில் சொல்லுக்கு ஓர் அட்டை போடுங்கள். அட்டையில் சொல்லும் பொருளும் மட்டும் போதாது, குறியீடும் அலகும் வேண்டும்.

```
stress | தகைவு | σ = P/A | N/mm²
strain | திரிபு | ε = δ/L | அலகில்லை
elongation | நீட்சி | δ = εL | mm
```

பரப்பு 314.16 மிமீ². 50000ஐ அதனால் வகுத்தால் தகைவு 159.15 N/mm². 200 GPa என்பது 200000 N/mm². அதனால் வகுத்தால் திரிபு 0.000796. அதை 2000 மிமீயால் பெருக்கினால் நீட்சி 1.59 மிமீ. மூன்று அட்டையும் இந்த ஒரே வரியில் வந்துவிடுகின்றன. ஒரு வகுப்புக்கு எட்டு, பத்து அட்டை போதும். வகுப்புக்கு முந்தைய நாளே கொடுங்கள்.

பனங்காடு:
நான் யாழ்ப்பாணம். நாங்கள் படித்தது தகைப்பு, விகாரம். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் இரண்டு நாட்டுச் சொல்லும் கலந்து கிடக்கும், கவனம். எனர்ஜி எங்களுக்குச் சக்தி, உங்களுக்கு ஆற்றல். பவர் எங்களுக்கு வலு, உங்களுக்குத் திறன். பட்டியலில் பவருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கோ, எந்த ஊர்ப் பட்டியல் என்று தெரிந்துவிடும்.

வைகைக்கரை:
நன்றி. என் பட்டியலில் "வலு"வும் இருக்கிறது, "ஆற்றல்"உம் இருக்கிறது! எக்செல்லில் அட்டைகளைத் தட்டி CSV கோப்பாகச் சேமித்தேன், திரும்பத் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது.

பட்டறைக்காரர்:
சேமிக்கும்போது `CSV UTF-8` என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேள்விக்குறியாகிவிட்ட கோப்பைத் திருப்ப முடியாது, மறுபடி தட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று. மொமென்ட் ஆஃப் இனெர்ஷியாவைப் பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்பான். அது நிறையைச் சார்ந்தது, அலகு kg·m². பீம் வளையும் பாடத்தில் அதே ஆங்கிலப் பெயர் வெட்டுமுகப் பரப்பைச் சார்ந்து வரும், அலகு mm⁴. ஒரே சொல்லுக்கு இரண்டு அட்டை போடுங்கள். அலகைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

வைகைக்கரை:
ஷியருக்கு? பாடநூலில் சறுக்குப்பெயர்ச்சி என்று இருக்கிறது. தண்டு வழுக்கி நகர்கிறது என்று நினைக்கிறான்.

நீலமலை:
"வெட்டு" என்று வைத்தால் ரிவெட் அறுபடுவது கண்ணில் நிற்குமே.

பட்டறைக்காரர்:
ரிவெட்டுக்கு அது பொருந்தும். ஆனால் தண்டை முறுக்கும்போது எதுவும் வெட்டுப்படுவதில்லை, அங்கேயும் ஷியர் வருகிறது. அட்டையில் சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளும் படம் வரைந்து பாருங்கள். ஒற்றைத் தமிழ்ச் சொல்லாக எது என்று எனக்கும் முடிவாகவில்லை.