அனுபவப் பகிர்வு: இன்ஸ்டாகிராமில் Following பக்கத்துக்கு மாறியவர்கள் சொல்லுங்கள்

கடலூர்க்காரி

எங்கள் ஊர் துறைமுகத்திலிருந்து மீன் வாங்கி வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு தம்பதியை இன்ஸ்டாகிராமில் பின்தொடர்கிறேன். படகு கரைக்கு வந்ததும் விடியற்காலை ஐந்தரை மணிவாக்கில் அன்றைய மீனைப் படமெடுத்துப் போடுவார்கள். எட்டு மணிக்குள் சொன்னால்தான் மீன் கிடைக்கும். போன வாரம் ஏழு மணிக்கு ஆப்பைத் திறந்தேன். முதலில் வந்தது அவர்கள் போட்ட நெத்திலிப் படம். ஆனால் அடியில் 1 day ago என்று இருந்தது. இன்றைய படம் எங்கே என்று தேடினால் ஒரு சமையல் ரீல்ஸ், யாரோ ஒருவருடைய நாய்க்குட்டி, ஒரு புடவைக்கடை என்று போய்க்கொண்டே இருக்கிறது. இந்தக் கடைசி மூன்றும் நான் பின்தொடரும் பக்கங்களே இல்லை.

அப்புறம் தங்கை சொல்லித்தான் மேலே இருக்கும் Instagram என்ற எழுத்தைத் தட்டினேன். Following, Favorites என்று இரண்டு வந்தன. Following-ஐத் தொட்டதும் கொஞ்சம் கீழேயே இன்றைய சங்கரா மீன் இருந்தது. சரி, இதை எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள்? மாறிய பிறகு என்ன பார்த்தீர்கள்?

சைக்கிள் மணி

நானும் மாறிவிட்டேன், நிம்மதியாக இருக்கிறது. ஒரு தடவை Following தொட்டுவிட்டால் போதும், அப்படியே நிற்கும். தெரியாதவர்கள் யாரும் வரமாட்டார்கள், விளம்பரமும் வராது.

மாடித்தோட்டம்

மணி சொன்னதில் ஒன்று சரி, இரண்டு சரியில்லை. பரிந்துரைப் பதிவுகள் Following-இல் வராது, அது உண்மை. விளம்பரம் வரும், பெயருக்கு அடியில் Sponsored என்று இருக்கும், கவனித்துப் பாருங்கள். அப்படியே நிற்பதும் இல்லை. ஆப்பை முழுதாக மூடித் திறந்தால் பழைய முகப்புதான் முன்னால் நிற்கும். ஒவ்வொரு முறையும் மேலே தட்டித்தான் மாற வேண்டும். மணி ஆப்பை மூடாமலே வைத்திருப்பார் என்று நினைக்கிறேன், அதனால் நிற்பது போலத் தெரிந்திருக்கலாம்.

கடலூர்க்காரிக்கு நடந்ததற்குக் காரணம் இது. 2016 முதல் முகப்பு நேர வரிசையில் இல்லை. நீங்கள் எந்தப் பக்கத்தில் அதிகம் நின்று பார்க்கிறீர்கள், யாருக்கு லைக், கமென்ட் போடுகிறீர்கள், யாருடைய பதிவைப் பிறருக்கு அனுப்புகிறீர்கள் என்பதையெல்லாம் வைத்து, எதை நீங்கள் விரும்புவீர்கள் என்று கணித்து அடுக்குகிறது. நேற்றைய நெத்திலிக்கு நிறையப் பேர் கமென்ட் போட்டிருந்தால் இன்றைய சங்கராவுக்கு மேலே அது நிற்பதில் வியப்பில்லை. 2022 மார்ச்சில்தான் Following, Favorites இரண்டையும் கொண்டுவந்தார்கள். அவை இரண்டும் புதியது மேலே, பழையது கீழே என்று மட்டும் போகும்.

எந்தப் பதிவு எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முகப்பில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் Follow என்ற பொத்தான் இருந்தால் அது பரிந்துரை. Following-இல் முன்பின் தெரியாத பெயர் வந்தால் இரண்டு வாய்ப்பு: விளம்பரம், அல்லது நீங்கள் பின்தொடரும் ஒருவர் வேறொருவருடன் சேர்ந்து போட்ட பதிவு. சேர்ந்து போட்டிருந்தால் இரண்டு பெயரும் மேலே இருக்கும்.

பவானி ஆற்றங்கரை

என் புரொஃபைலில் Following என்று ஓர் எண் இருக்கிறதே, அதைத் தட்டினேன். பெயர்ப் பட்டியல்தான் வருகிறது, படம் ஒன்றும் இல்லை. என் போனில் இந்த வசதி இல்லையோ?

மாடித்தோட்டம்

அது வேறு, நீங்கள் பின்தொடர்பவர்களின் பெயர்ப் பட்டியல். நாங்கள் பேசுவது முகப்பில், உச்சியில் உள்ள Instagram எழுத்தைத் தட்டினால் வருவது. ஆனால் தட்டியதும் வீண்போகவில்லை. அந்தப் பட்டியலிலேயே Least interacted with என்று ஒரு பிரிவு இருக்கும். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத பக்கங்கள் அதில் இருக்கும். அவற்றைக் கழித்துவிட்டால் Following பக்கம் சுருங்கும். நேர வரிசையில் இது முக்கியம், ஏனென்றால் யார் அதிகம் போடுகிறார்களோ அவர்களே பக்கத்தை நிரப்பிவிடுவார்கள். நான் ஒரு செய்திப் பக்கத்தை நீக்கியபோதுதான் செடி விதை தருபவர்களின் பதிவுகள் கண்ணில் பட்டன.

மழைக்காலம்

எனக்கு இன்ஸ்டாவை விட எக்ஸ் தளத்தில்தான் இந்த வேறுபாடு புரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் இருந்தோம். For you பக்கத்தில் முந்தின நாள் படங்கள் ஏராளமாக வந்தன, அதிகம் பேர் பகிர்ந்தவை. இந்த மணி நேரத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிய Following-க்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் படகு வந்த இடத்தை எழுதியிருந்தார், நான் பின்தொடராதவர். அது For you வழியாகத்தான் கிடைத்தது. அதனால் இதில் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று என்னால் சொல்ல முடியாது. இப்போது எக்ஸில் Following-க்கு உள்ளேயே Popular, Recent என்று இரண்டு இருக்கிறது, அந்தத் தாவலை மறுபடி தட்டினால் வரும். Recent தேர்ந்தால்தான் நேர வரிசை.

பவானி ஆற்றங்கரை

கிடைத்துவிட்டது! ஆனால் மறுபடி மறுபடி தட்டுவது தொல்லையாக இருக்கிறது.

மாடித்தோட்டம்

பிரவுசரில் பார்க்கலாம் என்றால் இந்த முகவரியை புக்மார்க் செய்துகொள்ளுங்கள், நேராக அந்தப் பக்கமே திறக்கும்:

```
https://www.instagram.com/?variant=following
```

ஆப்பிலேயே இருக்க வேண்டும் என்றால் அமைப்புகளில் Content preferences போய், முகப்பில் பரிந்துரைப் பதிவுகளை நிறுத்திவைக்கலாம். Snooze என்று இருக்கும். 30 நாள்தான், பிறகு திரும்ப வந்துவிடும், மறுபடி போட வேண்டும். இது பரிந்துரைகளை மட்டும் நிறுத்தும். வரிசை அதே கணிப்பு வரிசைதான்.

ஹேக் நகரத்தான்

நான் நெதர்லாந்தில் இருக்கிறேன். இந்தத் 'திரும்பத் திரும்ப மாறிவிடுவது' இங்கே நீதிமன்றம் வரை போனது. பிட்ஸ் ஆஃப் ஃப்ரீடம் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், பயனர் தேர்ந்த பக்கம் ஆப்பை மூடித் திறந்தாலும் மாறாமல் நிற்க வேண்டும் என்று மெட்டாவுக்கு உத்தரவிட்டது. ஃபேஸ்புக்குக்கும் பொருந்தும். மெட்டா மேல்முறையீடு செய்வதாகச் சொன்னது. ஐரோப்பிய டிஜிட்டல் சேவைச் சட்டத்தின் அடிப்படையில் வந்தது என்பதால் இந்தியாவுக்கு அது பொருந்தாது.

சைக்கிள் மணி

இப்போதுதான் ஆப்பை மூடித் திறந்து பார்த்தேன். மாடித்தோட்டம் சொன்னது சரி, முகப்புதான் வருகிறது. விளம்பரமும் வந்தது.

கடலூர்க்காரி

மீன் விற்கும் அக்காவிடம் இதெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது: "எல்லாரும் Following-க்குப் போனா என் படம் மேல வருமா?"

மாடித்தோட்டம்

ஐந்தரைக்குப் போட்டால் ஏழு மணிக்குள் வாடிக்கையாளர் பின்தொடரும் மற்றவர்கள் எத்தனை பதிவு போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. விடியற்காலையில் போடுபவர்கள் குறைவு, அதனால் ஓரளவு மேலே இருக்கும். ஆனால் வாடிக்கையாளர்களை Favorites-இல் சேர்க்கச் சொல்வது இன்னும் நல்லது. 50 பக்கங்கள் வரை வைக்கலாம், அங்கேயும் நேர வரிசைதான், முகப்பிலும் அவை கொஞ்சம் மேலே வரும்.

மழைக்காலம்

அவருடைய புரொஃபைலில் உள்ள மணியைத் தட்டிப் பதிவுகளுக்கு அறிவிப்பு வைத்துவிட்டால் எந்தப் பக்கத்தையும் திறக்க வேண்டாமே?

கடலூர்க்காரி

வைத்துப் பார்க்கிறேன். ஆனால் அவர் காலையில் ஐந்தாறு படம் தனித்தனியாகப் போடுவார், ஒவ்வொன்றுக்கும் போன் அடிக்குமா? வீட்டில் கைக்குழந்தை தூங்கும் நேரம்.