ஆவணப் பணிகளும் நிரல் பணிகளும் ஒரே பலகையிலா, தனித்தனியாகவா?

கயல்விழி (கோலாலம்பூர்):
கணக்கியல் மென்பொருள் உருவாக்கும் ஒரு குழுவில் ஆவண எழுத்தாளராக இருக்கிறேன். நிரல் பணிகள் கிட்ஹப் பலகையில் இருக்கின்றன. ஆவணப் பணிகளோ நான் மட்டுமே திறந்து பார்க்கும் ஒரு விரிதாளில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பலகையில் வைத்தால் ஆவணங்கள் விடுபடாமல் இருக்குமா, அல்லது பலகைதான் நிரம்பி வழியுமா?

அர்ஜுன்:
நிரம்பித்தான் வழியும். ஆவணத்துக்கென்று தனி அட்டை வைப்பதே அது வேறொருவருடைய வேலை என்று நிரலர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதாகும். எங்கள் குழுவில் ஒவ்வொரு அட்டையின் விளக்கத்திலும் "ஆவணம் புதுப்பிக்கப்பட்டது" என்று ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. அதில் குறியிடாமல் பணி முடிந்ததாகக் கருதமாட்டோம் என்று விதி வைத்திருக்கிறோம். தனி அட்டைக்கு இங்கே தேவையே எழவில்லை.

முத்துவேல் (பினாங்கு):
அர்ஜுன் அவர்களே, அந்தப் பெட்டியை நாங்களும் ஓராண்டுக்கு மேல் நம்பியிருந்தோம். அது எப்படி ஏமாற்றியது என்பதைச் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸில் நான் முன்பு வேலை செய்த குழுவில், வரிசைச் சேவையகத்தின் முகவரியைக் குறிக்கும் அமைப்பின் பெயரை `QUEUE_URL` என்பதிலிருந்து `BROKER_URL` என்று மாற்றினோம். அட்டை எண் 412. அதில் நிரல், சோதனை, நிறுவல் வழிகாட்டி என மூன்று பெட்டிகள் இருந்தன. நிரலர் தம் புல் ரிக்வெஸ்ட்டின் விளக்கத்தில் வழக்கம்போல் `Closes #412` என்று எழுதியிருந்தார். அது வெள்ளிக்கிழமை மாலை முதன்மைக் கிளையில் மெர்ஜ் ஆனதும் கிட்ஹப் அந்த அட்டையைத் தானாகவே மூடியது. அட்டை மூடப்பட்டதும் பலகையின் தானியங்கி விதி அதை `Done` நெடுவரிசைக்கு நகர்த்தியது. மூன்றாவது பெட்டி வெறுமையாக இருந்ததை இந்த இரண்டில் எதுவும் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் குறியிடாத பெட்டி எதையும் தடுப்பதில்லை. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் யாரும் `Done` நெடுவரிசையைப் பார்ப்பதும் இல்லை.

மூன்று வாரங்கள் கழித்து ஈப்போவில் ஒரு வாடிக்கையாளர் பழைய வழிகாட்டியைப் படித்து, பழைய பெயரையே கொடுத்துப் புதிய பதிப்பை நிறுவினார். புதிய பெயர் கிடைக்காதபோது நிரல் பிழை காட்டாமல் உள்ளூர் முகவரியை இயல்பாக எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்ததால், எல்லாம் ஓடுவது போலவே தெரிந்தது. விலைப்பட்டியல்கள் மட்டும் எங்கும் போய்ச் சேரவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க உதவிப் பிரிவுக்கு அரை நாள் பிடித்தது. வழிகாட்டியில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி.

இந்திராணி:
எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கையேடுகளையும் பகிர்வு இயக்ககத்தில் ஒரே கோப்புறையில் வைத்திருக்கிறோம். மலாய், ஆங்கிலம் என இரண்டு உட்கோப்புறைகள். தேடுவதற்கு எளிது. பலகையில் வைத்தால் கோப்புகளை எப்படித் திறப்பது?

கயல்விழி:
இந்திராணி அக்கா, கோப்புகளை எங்கே சேமிப்பது என்று நான் கேட்கவில்லை. எழுத வேண்டிய வேலையை எங்கே பதிவுசெய்வது என்றே கேட்டேன். ஆனாலும் நீங்கள் மலாய்ப் பதிப்பைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. எங்களிடம் ஆங்கிலப் பக்கம் திருந்திய பிறகும் மலாய்ப் பக்கம் பழையதாகவே கிடக்கிறது, அது விரிதாளில்கூட இல்லை.

முத்துவேல் அண்ணா, எங்கள் ஆவணங்கள் தனி ரெப்போவில் இருக்கின்றன. நிரல் மெர்ஜ் ஆகும் நேரத்தில் நான் எழுதவே தொடங்கியிருக்க மாட்டேன். அப்போது என்ன செய்வது?

முத்துவேல்:
இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. ஒரு வரி, ஒரு பத்தி அளவிலான திருத்தத்துக்கு அர்ஜுன் சொல்வது சரி. தனி அட்டை வீண். அங்கே செய்ய வேண்டியது, அட்டையை மூடும் உரிமையை நிரலிடமிருந்து எடுத்து ஆவணத்திடம் கொடுப்பதுதான். நிரலின் புல் ரிக்வெஸ்ட்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்:

```
Refs #412
```

இது அட்டையோடு இணைப்பை மட்டும் காட்டும், மூடாது. ஆவண ரெப்போவிலுள்ள உங்கள் புல் ரிக்வெஸ்ட்டில் மூடும் சொல்லை ரெப்போவின் பெயரோடு எழுதுங்கள்:

```
Closes owner/repo#412
```

நிரல் ரெப்போவில் உங்களுக்கு எழுதும் உரிமை இருந்தால்தான் இது வேலை செய்யும். முதலில் அதைக் கேட்டுப் பெறுங்கள். பிறகு உங்கள் பக்கம் மெர்ஜ் ஆகும்வரை அட்டை எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருக்கும்.

புதிய வசதிக்கான முழு வழிகாட்டி, பதிப்பு மேம்படுத்தும் வழிகாட்டி, உங்கள் மலாய்ப் பக்கங்கள் போன்றவை வேறு. அவற்றுக்கு நாள்கணக்கில் உழைப்பும் வேறொருவரின் மேற்பார்வையும் வேண்டும் என்பதால் தனி அட்டையாக, அதே பலகையில், அதே ஸ்பிரிண்ட்டில் வரவேண்டும். நிரல் அட்டையின் துணை அட்டையாக வைத்தாலே போதும் என்று எண்ணிவிடாதீர்கள், ஏனென்றால் துணை அட்டை திறந்திருக்கும்போதே தாய் அட்டையை மூடிவிட முடியும்.

அர்ஜுன்:
`Closes` விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் விதியை மனிதர்கள்தான் காக்கிறார்கள், கருவி காக்கவில்லை என்பதை நான் கவனித்ததில்லை. ஆனால் உங்கள் முறையில் எழுத்தாளர் விடுப்பில் போனால் முடிந்த நிரல் அட்டைகள் எல்லாம் நடுவில் தேங்கி நிற்கும். குழு எதையுமே முடிக்காதது போல மேலாளருக்குத் தெரியும். அதற்கு என்ன பதில்?

முத்துவேல்:
அப்படித் தெரியட்டும் என்பதுதான் என் பதில், ஏனென்றால் உண்மை அதுதான். எங்களிடம் `In Review` நெடுவரிசைக்கு நான்கு அட்டைகள் என்று வரம்பு இருந்தது. கிட்ஹப் அந்த எண்ணைக் காட்டுமே தவிர ஐந்தாவது அட்டையைத் தடுக்காது. ஆகவே வரம்பு தாண்டினால் புதிய நிரல் எடுக்காமல் தேங்கிய பக்கத்தைப் படித்துக் கருத்துச் சொல்வது என்று நாங்களே பேசிவைத்தோம். தேக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் எழுத்தாளர் இல்லை. எழுதி முடித்த பக்கத்தைச் சரிபார்க்க நிரலர் யாரும் நேரம் ஒதுக்காததே காரணமாக இருந்தது. விரிதாளில் இருந்த காலத்தில் அந்தக் காத்திருப்பு யாருக்கும் தெரிந்ததே இல்லை.

ஒரே பலகையிலும் வேலை நழுவும். ஓர் ஆவண அட்டை மூன்றாவது ஸ்பிரிண்ட்டுக்கும் அப்படியே தள்ளப்பட்டால், அதை எழுதத் தேவையான தகவல் யாரிடம் இருக்கிறது என்று அந்த அட்டையிலேயே பெயர் குறித்துக் கேளுங்கள்.

அர்ஜுன்:
ஆவண அட்டைக்கும் மதிப்பீட்டுப் புள்ளி கொடுப்பீர்களா? கொடுத்தால் குழுவின் வேகக் கணக்கு கலங்கிவிடும்; நிரலையும் எழுத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

முத்துவேல்:
கொடுத்தோம். புள்ளியில்லாத அட்டைதான் திட்டமிடும் கூட்டத்தில் முதலில் வெளியே தள்ளப்படுகிறது.

அர்ஜுன்:
இதில் எனக்கு உடன்பாடில்லை. பிறகு அந்த எண்ணை வைத்து வெளியீட்டுத் தேதி சொல்லும்போது தவறும்.

கயல்விழி:
இதைப் படித்துவிட்டுக் கடந்த இரண்டு ஸ்பிரிண்ட்டுகளில் `Done` சென்ற அட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதினொன்றில் ஆவணப் பெட்டி குறியிடப்படாமலே மூடப்பட்டிருக்கிறது. அவற்றில் நான்கு என் விரிதாளில் இல்லவே இல்லை. அந்த நான்குக்கும் இன்று அட்டை போட்டுவிட்டேன். புள்ளியை இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறேன். திங்கட்கிழமைத் திட்டமிடும் கூட்டத்தில் அவை தள்ளப்படுகின்றனவா என்று பார்த்து இங்கே எழுதுகிறேன்.