கணக்குக்கு ஐந்து கைடு சொல்கிறார்கள், எதை வாங்குவது?

நிலா: போட்டித் தேர்வின் கணக்குப் பகுதிக்கு ஆளுக்கொரு கைடு சொல்கிறார்கள். ஐந்து பெயர் சேர்ந்துவிட்டது. ஐந்திலும் தலைப்புகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே ஒரு புத்தகத்தோடு நிறுத்த வேண்டும். எதை வைத்து முடிவெடுப்பது?

கதிர்: புதிய பதிப்பா என்று பாருங்கள். இருப்பதிலேயே தடிமனானதை எடுங்கள். எல்லாம் அதிலேயே அடங்கிவிடும்.

சுந்தரி: நடப்பு நிகழ்வுகளுக்குப் புதிய பதிப்பு அவசியம்தான். கணக்கில் பல நேரம் அட்டையில் உள்ள ஆண்டு மட்டுமே மாறியிருக்கும். தடிமனையும் நம்ப வேண்டாம் கதிர். ஒரே கணக்கை எண்களை மாற்றி இருபது முறை போட்டாலும் புத்தகம் தடிக்கும்.

நிலா, கடைசி மூன்று வினாத்தாள்களை எடுத்து, உங்களால் முடியாத கணக்குகளை மட்டும் பத்து குறித்துக்கொள்ளுங்கள். நூலகத்திலோ நண்பர்களிடமோ ஐந்து கைடையும் பார்த்து, அந்த வகைக் கணக்கு இருக்கிறதா, படிப்படியாக விளக்கியிருக்கிறார்களா, விடை சரியா என்று தேடுங்கள். தெரிந்த கணக்கை வைத்துச் சோதித்தால் எல்லாப் புத்தகமும் நல்லதாகவே தெரியும்.

கடிகாரக் கணக்கு இதற்கு நல்ல உரைகல். 3 மணி 40 நிமிடத்தில் முட்களுக்கு இடையே எத்தனை பாகை? 12-லிருந்து அளந்தால் நிமிட முள் 240 பாகையில் இருக்கும். மணி முள் 90-லேயே நிற்காது, நாற்பது நிமிடத்தில் 20 பாகை நகர்ந்து 110-க்கு வந்திருக்கும். விடை 130. ஒரு கைடில் 150 என்று இருந்தால் மணி முள்ளை நகர்த்தவே இல்லை என்று பொருள். அப்படி இரண்டு விடை தவறாகக் கண்ணில் பட்டால் அந்தக் கைடை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து 2 மணி 50 நிமிடம். நிமிட முள் 300-ல், மணி முள் 60-ஐத் தாண்டி 85-ல் இருக்கும். 300-லிருந்து 85 போனால் 215. கேட்பது சிறிய கோணம் என்றால் 360-லிருந்து கழித்து 145 என்று எழுத வேண்டும். சூத்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டு நகரும் கைடு உங்களை 215-லேயே நிறுத்திவிடும். ஏன் கழிக்கிறோம் என்று ஒரு வரி எழுதியிருப்பதுதான் வேண்டிய புத்தகம்.

முருகன்: என்னிடம் வரலாற்றுக்கு ரெண்டு கைடு இருக்கு, ரெண்டும் பத்தலை. மூணாவது வாங்கலாமா? கடிகாரம் வச்சு வரலாற்றை எப்படிங்க சோதிக்கிறது?

சுந்தரி: கேள்வி கணக்கைப் பற்றியது முருகன். வரலாற்றில் வேறு மாதிரி பாருங்கள். ஒரே பாடத்தை இரண்டு கைடிலும், பள்ளிப் பாடநூலிலும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பாடநூலில் இருப்பது கைடில் விடுபட்டால் பாடநூலைத்தான் படிக்க வேண்டும், மூன்றாவது கைடு அதைச் சரிசெய்யாது.

நிலா: இரண்டு கைடு சமமாக வந்தால்?

சுந்தரி: பழைய வினாக்களுக்கு முழுத் தீர்வு உள்ளதை எடுங்கள்.

கதிர்: எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய வினாத்தாள் தனியாகவே கிடைக்கிறது. பயிற்சிக் கணக்கு அதிகமுள்ளதுதான் மேல்.

சுந்தரி: வினா கிடைக்கும் கதிர், தீர்வு கிடைக்குமா? ஆனாலும் அடிப்படை உறுதியாக இருப்பவருக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம்.