C முனை எதிர்ப்பக்கம் திரும்புமா? ஷாஃப்ட் கணக்கில் புத்தக விடை பிழையா?

பரந்தன் பொடியன்: படத்தில் இருக்கிற கணக்கைப் பாருங்கள். 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள திண்ம உருக்கு ஷாஃப்ட். A முனை சுவரோடு இறுக்கியிருக்கிறது. A-யிலிருந்து B 0.6 மீற்றர், B-யிலிருந்து C 0.4 மீற்றர். B-யில் 900 நியூட்டன் மீற்றர் டோர்க், C-யில் 400, இரண்டும் எதிரெதிர்த் திசை. G 80 கிகா பாஸ்கல். கூடிய ஷியர் ஸ்ட்ரெஸ் 39.8 மெகா பாஸ்கல் என்று எனக்கும் வருகிறது, புத்தகத்திலும் அதுதான். முறுக்குக் கோணம்தான் எனக்கு 1.31 பாகை. புத்தகம் 0.40 என்கிறது, அதுவும் B திரும்பிய பக்கமாகவாம். புத்தகம் பிழைதானே?

துணுக்காய்க்காரன்: பிழையேதான். C-யை ஒரு பக்கம் முறுக்கினால் அது மற்றப் பக்கம் போகுமா? கதவைத் தள்ளினால் உள்ளே வருமா? இரண்டு துண்டும் முறுகுகிறது, இரண்டையும் கூட்டினால் 1.31. புத்தகம் அடிக்கிறவர்களுக்குக் கைவேலை தெரியாது, அதுதான் விசயம்.

முறிகண்டி ஓவர்சியர்: புத்தகம் சரி. தம்பி, ஸ்ட்ரெஸ் எடுக்கும்போது AB துண்டில் 900-இலிருந்து 400-ஐக் கழித்து 500 என்று சரியாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கழித்தல் ஏன் வந்தது? திசை எதிர் என்பதால். கோணத்துக்கு வரும்போது அதே திசையை ஏன் கைவிட்டீர்கள்? J இரண்டு துண்டுக்கும் ஒன்றுதான், ஆகவே GJ 20106. மிச்சம் இவ்வளவுதான்:

```
AB: 500 × 0.6 / 20106 = 0.01492 rad  (B-யின் பக்கம்)
BC: 400 × 0.4 / 20106 = 0.00796 rad  (C-யின் பக்கம்)
C : 0.01492 − 0.00796 = 0.00696 rad = 0.40°  (B-யின் பக்கம்)
```

BC-யின் கோணம் B-யிலிருந்து அளக்கப்படுவது. ஆனால் B சும்மா நிற்கவில்லை, அது ஏற்கெனவே திரும்பிவிட்டது. திரும்பிய B-யிலிருந்துதான் C பின்னுக்கு வருகிறது. வந்தும் முழுதாக வந்து சேரவில்லை.

துணுக்காய்க்காரன்: ஐயா, நான் கேட்டதற்குப் பதில் இல்லை. C-யில் இருக்கிற டோர்க் எந்தப் பக்கம்? C போனது எந்தப் பக்கம்? இரண்டும் எதிர் என்றால் அந்தக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். ஸ்ட்ரெஸுக்கு 500 என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கோணம் வேறு.

மாங்குளம் லேத்: எனக்கும் இதே பிரச்சினைதான். தண்ணி பம்ப் ஷாஃப்ட், சாவிக்காடி வெட்டிய இடத்தில் பொட்டென்று முறிந்தது. டவுனில் ஒரு பட்டறையில் ஒட்டித் தந்தார்கள், ஒரு மாரி கூடத் தாங்கவில்லை. இந்த 39.8 என்பது எனக்கும் பொருந்துமா? என்னுடையதும் 40-தான்.

முறிகண்டி ஓவர்சியர்: அண்ணை, பொருந்தாது. இந்தக் கணக்கு வழுவழுப்பான வட்டக் கம்பிக்கு மட்டும். சாவிக்காடியின் உள்மூலை கூராக இருந்தால் அந்த இடத்தில் தகைப்பு பல மடங்கு ஏறும். ஓடி ஓடி அந்த மூலையிலிருந்துதான் வெடிப்புத் தொடங்கும். முறிந்த முகத்தைப் பாருங்கள். ஒரு மூலையிலிருந்து சிப்பி ஓடு மாதிரி வரி வரியாகப் பரவியிருந்தால் அது ஒரே நாளில் முறிந்தது அல்ல. மூலையைக் கொஞ்சம் உருட்டி வெட்டியிருந்தால் இன்னும் ஓடியிருக்கும்.

மாங்குளம் லேத்: வரி இருக்கிறது. ஆனால் மூலை உருட்டினால் சாவி சரியாக உட்காராது. இருபது வருசமாக லேத்தில் நிற்கிறவனுக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

முறிகண்டி ஓவர்சியர்: சாவியின் விளிம்பையும் சீவித்தான் போடுவது. அது ஒரு கஷ்டமும் இல்லை.

நெடுங்கேணி அக்கா: நான் வேறொன்று கேட்கிறேன். படத்தில் B-க்கு மேலே விரல் நிழல் விழுந்திருக்கிறது. அம்புக்குறி எந்தப் பக்கம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. 'எதிரெதிர்' என்று தம்பி சொல்கிறார், கேள்வியில் அப்படி ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. ஒரே பக்கம் என்றால் AB-யில் 1300 நியூட்டன் மீற்றர், ஸ்ட்ரெஸ் 103 தாண்டும், C 2.68 பாகை திரும்பும். முதலில் அம்பைத் தீர்த்துவிட்டு சண்டை பிடியுங்கள்.

முறிகண்டி ஓவர்சியர்: நல்ல கேள்வி. ஆனால் புத்தகத்தில் 39.8 என்றிருக்கிறதே. அது AB-யில் 500 இருந்தால் மட்டுமே வரும். அம்பு எதிர்தான்.

நெடுங்கேணி அக்கா: விடையைப் பார்த்துக் கேள்வியைத் திருத்துகிறீர்கள். பரீட்சை மண்டபத்தில் பின்பக்கம் இருக்காது. படத்தை மறுபடி எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

துணுக்காய்க்காரன்: அம்பு எதிர் என்றே வைப்போம். C தன்னுடைய டோர்க்குக்கு எதிராகப் போகாது. ஓவர்சியர் ஐயா முந்தி வாய்க்கால் மதகுக் கதையிலும் இப்படித்தான் கடைசி வரை பிடித்துக்கொண்டு நின்றவர்.

முறிகண்டி ஓவர்சியர்: மதகை விடுங்கள். அன்றைக்கும் நான் சொன்னதுதான் நடந்தது. உங்கள் சந்தேகத்தை வேறு வழியில் பார்ப்போம். வெளியிலிருந்து செய்த வேலையும் ஷாஃப்டுக்குள் தேங்கிய சக்தியும் ஒன்றாக இருக்க வேண்டும், இதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள். உள்ளே தேங்கியது AB-யில் 3.73 ஜூல், BC-யில் 1.59, மொத்தம் 5.32. இதில் திசைக் குறியே கிடையாது, டோர்க்கை வர்க்கம் எடுத்தாயிற்று. வெளியே B-யின் 900 செய்த வேலை, பாதி எடுத்தால், 6.71. C எதிர்ப்பக்கம் இழுபட்டதால் அதன் பங்கைக் கழிக்க வேண்டும், அது 1.39. மிச்சம் 5.32. பொருந்துகிறது. உங்கள் 1.31 பாகையை C-யின் பக்கமாகவே போட்டால் C-யின் வேலை 4.58, கூட்டினால் 11.29 ஜூல். உள்ளே 5.32 தான் இருக்கிறது. மிச்சம் ஆறு ஜூல் எங்கே போனது?

துணுக்காய்க்காரன்: சூடாகப் போயிருக்கும்.

முறிகண்டி ஓவர்சியர்: 40 மெகா பாஸ்கலில் உருக்கு மீள்சக்தி எல்லைக்குள் வசதியாக நிற்கிறது. சூடாக ஒன்றும் போகாது. கதவு உவமையும் இங்கே பிழை. கதவில் தள்ளுகிறவர் ஒருவர், இங்கே இரண்டு பேர் முறுக்குகிறார்கள். அதில் B பெரியவர். ஷாஃப்டின் மேற்பரப்பில் நீளவாக்கில் ஒரு கோடு கீறி வைத்தால் B-யில் கோடு 0.3 மில்லிமீற்றர் நகரும், C-யில் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய, அதே பக்கம். C-யின் டோர்க்கைக் கூட்டிக்கொண்டே போங்கள். 540 வரும்போது C அசையாமல் நிற்கும். 540-ஐத் தாண்டினால்தான் நீங்கள் சொல்கிற பக்கம் போகும். 400 அதற்குப் போதாது.

பரந்தன் பொடியன்: 540 எப்படி வந்தது? நான் 500 என்று நினைத்தேன்.

முறிகண்டி ஓவர்சியர்: இரண்டு துண்டும் ஒரே நீளமில்லையே தம்பி. C-யில் T என்று போடுங்கள். T-யை 0.4 ஆல் பெருக்கினதும் 900-இலிருந்து T-யைக் கழித்து 0.6 ஆல் பெருக்கினதும் சமமாக வேண்டும். போட்டுப் பாருங்கள்.

மாங்குளம் லேத்: பம்புக்கு யாரும் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. 45 கம்பி போடட்டா?

நெடுங்கேணி அக்கா: படம் இன்னும் வரவில்லை.

துணுக்காய்க்காரன்: 540-இல் அசையாதாம். முறுக்குகிற இடம் அசையாமல் நிற்குமாம். இதை நான் ஏற்கப் போவதில்லை. டிப்ளோமா படிக்கிற தம்பி, நீங்கள் 1.31 என்றே எழுதுங்கள்.

முறிகண்டி ஓவர்சியர்: எழுதினால் மார்க் போகும். அடுத்த தவணை வந்து சொல்லுங்கள்.